37 பேரா, 61 முறையா: ஒரே தரவு, மூன்று வரைவுகள்

சர்க்கரை நோய்க்கான ஒரு மாத்திரையை 24 வாரம், மருந்தே இல்லாத போலி மாத்திரையான பிளாசிபோவுடன் ஒப்பிட்டுச் சோதித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சோதனை கற்பனை, எண்கள் விளக்கத்துக்காக நானே போட்டவை. பக்கத்துக்கு 150 பேர் என்று குலுக்கல் முறையில் பிரித்தாயிற்று. மருந்துக் குழுவில் இருவர் ஒரு மாத்திரைகூட விழுங்காமல் விலகிவிட்டார்கள். மருந்தே சாப்பிடாதவர்களைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று சோதனைத் திட்டத்திலேயே எழுதியிருந்ததால், அந்தக் குழுவின் வகுக்கும் எண் 148.

| | மருந்து (148 பேர்) | பிளாசிபோ (150 பேர்) |
|---|---|---|
| குமட்டல் வந்தவர்கள் | 37 (25.0%) | 18 (12.0%) |
| குமட்டல் பதிவான தடவைகள் | 61 | 20 |
| தீவிர பாதக நிகழ்வு வந்தவர்கள் | 5 (3.4%) | 3 (2.0%) |
| கல்லீரல் நொதி ஏ.எல்.டி. மேல்வரம்பின் 3 மடங்கைத் தாண்டியவர்கள் | 2 (1.4%) | 0 |

இதை வைத்து மூன்று பேர் மூன்று விதமாக எழுதுகிறார்கள்.

முதல் வரைவு: "மருந்தை நோயாளிகள் பொதுவாக நன்றாகத் தாங்கிக்கொண்டார்கள். குமட்டலே அதிகம் காணப்பட்டது, பெரும்பாலும் லேசானது. தீவிர நிகழ்வுகள் அரிதாகவே இருந்தன."

இரண்டாம் வரைவு: "மருந்தால் குமட்டல் கணிசமாகக் கூடியது (p = 0.004). தீவிர நிகழ்வுகளில் இரு குழுக்களுக்கும் இடையே வித்தியாசம் இல்லை (p > 0.05)."

மூன்றாம் வரைவு: "குறைந்தது ஒரு முறையாவது குமட்டல் வந்தவர்கள் மருந்துக் குழுவில் 148 பேரில் 37 (25.0%), பிளாசிபோக் குழுவில் 150 பேரில் 18 (12.0%). வித்தியாசம் 13.0 சதவீதப் புள்ளி (95% நம்பக இடைவெளி 4.3 முதல் 21.7). தீவிர பாதக நிகழ்வு வந்தவர்கள் முறையே 5 (3.4%), 3 (2.0%). இந்த எண்ணிக்கை சிறியது. இதை வைத்து இரு குழுக்களும் ஒத்தவை என்றோ வேறுபட்டவை என்றோ சொல்ல முடியாது."

முதல் வரைவை நீண்ட நேரம் அலச வேண்டியதில்லை. "நன்றாகத் தாங்கிக்கொண்டார்கள்" என்பது யாருடைய தீர்ப்பு? 11 பேர் பாதக நிகழ்வு காரணமாக மாத்திரையை நிறுத்தினார்கள் என்று வைத்துக்கொண்டால், 148இல் அது 7.4%. அந்த 11 பேரும் இந்த வாக்கியத்துக்குள் காணாமல் போய்விடுகிறார்கள். மருத்துவச் சோதனைகளில் தீங்குகளை எப்படி எழுத வேண்டும் என்று 2004இல் வந்த கன்சார்ட் வழிகாட்டுதலே இப்படிப்பட்ட பொத்தாம்பொதுவான சொற்களைத் தவிர்க்கச் சொன்னது. ஆனாலும் அவை போகவில்லை. என் முதல் அறிக்கையிலும் அந்த வாக்கியம் இருந்தது. திருத்தியவர் பக்கத்தில் "எத்தனை பேர்?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும்தான் உண்மையான போட்டி. பார்வைக்கு இரண்டாவது கறாராகத் தெரியும், எண் வேறு இருக்கிறது. முதலில் அதன் இலக்கணத்தைப் பாருங்கள். "மருந்தால் குமட்டல் கூடியது" என்று எழுதும்போது அந்த "ஆல்" உருபு காரணத்தை முடிவுசெய்துவிடுகிறது. "மருந்துக் குழுவில்" என்றால் எங்கே நடந்தது என்று மட்டும் சொல்கிறோம். பாதக நிகழ்வு என்பதன் வரையறையே, மருந்து எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் வந்த எந்த உடல்நலக் குறைவும் என்பதுதான். பைக்கிலிருந்து விழுந்து கை முறிந்தாலும் அட்டவணையில் ஏறும். பக்கவிளைவு என்றால் மருந்தோடு தொடர்பு உண்டு என்று அர்த்தம் வந்துவிடும். ஆகவே அட்டவணைத் தலைப்பில் "பக்கவிளைவுகள்" என்று போடுவதும் அதே தப்புதான்.

சொல்லைப் பற்றி இன்னொன்று. "தீவிரம்" வேறு, "கடுமை" வேறு. மரணம், உயிருக்கு ஆபத்து, மருத்துவமனையில் சேர்க்கை, நீடித்த ஊனம் போன்ற விளைவைப் பொறுத்தது தீவிரம். வலியும் தொல்லையும் எவ்வளவு என்பது கடுமை. கடுமையான ஒற்றைத் தலைவலி வந்து வீட்டிலேயே படுத்து எழுந்தவருடையது தீவிர நிகழ்வு ஆகாது. மிதமான நீர்ச்சத்துக் குறைவுக்காக ஒருவரை வார்டில் சேர்த்துவிட்டால் அது தீவிரம். தமிழில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது சுலபம், அதனால் ஒருமுறை வரையறுத்துவிட்டு அதையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்த p, அதாவது பி மதிப்பு: மருந்துக்கு விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிடப் பெரிதோ வித்தியாசம் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு. ஒரு சோதனையில் நாற்பது வகை நிகழ்வுகளை வரிசையாக ஒப்பிட்டால், மருந்து எதுவுமே செய்யாவிட்டாலும் சராசரியாக இரண்டு வகைகள் 0.05க்குக் கீழே விழும். அந்த இரண்டையும் பிடித்து "கணிசமாக அதிகம்" என்று எழுதினால் வெறும் தற்செயலைக் கண்டுபிடிப்பு ஆக்கியதாகிவிடும். மறுபக்கம் இதைவிட மோசம். 5க்கும் 3க்கும் இடையே பி மதிப்பு பெரிதாக வந்ததும் "வித்தியாசம் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். வித்தியாசத்தைக் கணக்கிட்டால் 1.4 சதவீதப் புள்ளி. அதன் 95% நம்பக இடைவெளி, அதாவது இந்தத் தரவோடு ஒத்துப்போகும் மதிப்புகளின் எல்லை, தோராயமாக −2 முதல் +5 வரை. அதாவது நூற்றுக்கு ஐந்து பேருக்குக் கூடுதலாகத் தீவிர நிகழ்வு வருகிறது என்ற சாத்தியத்தைக்கூட இந்தத் தரவு தள்ளிவிடவில்லை. வித்தியாசம் இல்லை என்பதற்கும் வித்தியாசத்தைக் காணும் அளவுக்கு ஆட்கள் இல்லை என்பதற்கும் உள்ள இடைவெளியை பி மதிப்பு காட்டாது, இந்த −2, +5 காட்டும். இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்கு வழக்கமான சூத்திரம் அவ்வளவு துல்லியமில்லை என்பதால்தான் நான் தசமம் போடவில்லை.

கல்லீரல் நொதியில் 2க்கு 0. "எத்தனை மடங்கு" என்று கேட்டால் பதில் கிடையாது, சுழியால் வகுக்க முடியாதே. சுழியைச் சுழி என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதும் போதாது. இங்கே ஒரு எளிய கணக்கு உதவும்: n பேரில் ஒருவருக்குமே நிகழ்வு வரவில்லை என்றால், உண்மையான விகிதத்தின் 95% மேல்வரம்பு ஏறத்தாழ 3/n. 150 பேரில் 0 என்றால் 3/150, அதாவது 2%. ஐம்பதில் ஒருவருக்கு வரக்கூடிய நிகழ்வுகூட 150 பேரிடம் கண்ணில் படாமல் போயிருக்கலாம். எனக்கு இந்த வரியை அறிக்கையில் சேர்ப்பது பிடிக்கும். "எந்தக் கல்லீரல் பாதிப்பும் காணப்படவில்லை" என்ற வாக்கியம் தனியாக நின்றால் அதைப் படிப்பவர் "வராது" என்றே எடுத்துக்கொள்வார்.

இதே காரணத்துக்காக, "5 சதவீதத்துக்கு மேல் வந்தவை மட்டும்" என்று அட்டவணையை வெட்டுவதிலும் கவனம் வேண்டும். குமட்டலுக்கு அந்த வெட்டு சரி. மேலே உள்ள கல்லீரல் வரி அந்த வெட்டில் மொத்தமாகப் போய்விடும்.

பேரா, முறையா என்ற கேள்விக்கு வருவோம். 37 பேருக்கு 61 முறை குமட்டல். சதவீதம் போட வேண்டுமானால் மேலே வருவது 37தான். 61ஐ 148ஆல் வகுத்து 41% என்று எழுதுவது பெரும்பிழை, ஏனென்றால் ஒரே ஆளுக்கு நாலு முறை குமட்டல் வந்திருக்கலாம். ஆனால் 61ஐத் தூக்கி எறியவும் கூடாது. மருந்துக் குழுவில் குமட்டல் வந்த ஒருவருக்குச் சராசரியாக 1.6 முறை, பிளாசிபோவில் 1.1 முறை. வந்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்ற செய்தி பேர்க்கணக்கில் கிடைக்காது. எனவே சதவீதத்தைப் பேருக்குக் கொடுத்து, முறையை வெறும் எண்ணாகப் பக்கத்தில் வைப்பதுதான் என் வழக்கம்.

பேர்க்கணக்கும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இரு குழுக்களும் மருந்தில் இருந்த காலம் வேறுபட்டால் சதவீதம் ஏமாற்றும். புற்றுநோய்ச் சோதனைகளில் இது சகஜம்: கட்டி வளர்ந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், பிளாசிபோக் குழுவில் அது சீக்கிரம் நடக்கும். குழுவுக்கு 100 பேர், மருந்தில் ஒவ்வொருவரும் சராசரி 9 மாதம், பிளாசிபோவில் 3 மாதம் என்று கொள்வோம். தொற்று வந்தவர்கள் 30க்கு 20. சதவீதத்தில் மருந்து மோசம். ஆள்-ஆண்டுக் கணக்கில், அதாவது ஒவ்வொருவரும் மருந்தில் இருந்த காலத்தைக் கூட்டி அதனால் வகுத்தால், 75 ஆண்டுக்கு 30, 25 ஆண்டுக்கு 20, அதாவது 100 ஆள்-ஆண்டுக்கு 40க்கு 80. திசையே திரும்பிவிட்டது. அதற்காக எல்லாவற்றையும் ஆள்-ஆண்டுக்கு மாற்றிவிடலாமா என்றால் கூடாது. குமட்டல் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் வந்து அடங்கிவிடும். அதை ஒன்பது மாதத்தால் வகுத்தால் விகிதம் நீர்த்துப்போய் மருந்துக்குச் சாதகமாகத் தெரியும். நிகழ்வு காலம் முழுக்கச் சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அளவுகோலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதையும் தரவைத் திறக்கும் முன்பே.

முன்பே என்று அழுத்திச் சொல்லக் காரணம் விகோர் சோதனை. வலிநிவாரணி ரோஃபிகாக்சிப்பை நாப்ராக்சனோடு 8,076 முடக்குவாத நோயாளிகளிடம் ஒப்பிட்டு, 2000 நவம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கட்டுரைச் சுருக்கத்தில் வயிற்றுச் சிக்கல் 100 ஆள்-ஆண்டுக்கு 2.1க்கு 4.5 என்று வந்தது, புதிய மருந்துக்கு வெற்றி. மாரடைப்பு மட்டும் ஆள்-ஆண்டில் வரவில்லை, சதவீதத்தில் வந்தது: நாப்ராக்சனில் 0.1%, ரோஃபிகாக்சிப்பில் 0.4%, ஒப்பீட்டு ஆபத்து 0.2. பேர் எண்ணிக்கை அந்த வாக்கியத்தில் இல்லை. ஒப்பீட்டின் திசையும் தலைகீழ்: பழைய மருந்தில் மாரடைப்பு குறைவு என்று படிக்கும்படி எழுதினார்கள். எதிர்த் திசையில் எழுதியிருந்தால் புதிய மருந்தில் நான்கு மடங்குக்கு மேல் என்று வந்திருக்கும். கணக்கு ஒன்றுதான், படிப்பவர் மனதில் தங்குவது வேறு.

2005 டிசம்பரில் அதே இதழ் கவலைக் குறிப்பு ஒன்றை வெளியிட்டது. ரோஃபிகாக்சிப் குழுவில் மேலும் மூன்று மாரடைப்புகள் கட்டுரையில் சேர்க்கப்படவில்லை. 17 என்றது 20 ஆனது, நாப்ராக்சனில் 4 அப்படியே. ஒப்பீட்டு ஆபத்து 4.25இலிருந்து 5க்கு ஏறியது. இதயச் சிக்கல்களை எண்ணுவதை நிறுத்திய தேதி, வயிற்றுச் சிக்கல்களை எண்ணுவதை நிறுத்திய தேதிக்கு முந்தியதாக இருந்தது. அந்த மூன்றும் இதயக் கணக்கை நிறுத்திய தேதிக்குப் பிறகு நடந்தவை. மருந்து அதற்குள் 2004 செப்டம்பரில் சந்தையிலிருந்து போய்விட்டது.

மூன்றாம் வரைவின் பாணியில் அதை எழுதிப் பார்த்தேன்: "மாரடைப்பு வந்தவர்கள் ரோஃபிகாக்சிப் குழுவில் 4,047 பேரில் 20 (0.5%), நாப்ராக்சன் குழுவில் 4,029 பேரில் 4 (0.1%). வயிற்று நிகழ்வுகளும் இதய நிகழ்வுகளும் ஒரே தேதி வரை எண்ணப்பட்டன." இரண்டாவது வாக்கியத்தை அன்று அவர்களால் எழுதியிருக்க முடியாது. என் அறிக்கைகளில் இப்போது அட்டவணைக்கு அடியில் முதலில் எழுதுவது அந்த வாக்கியத்தைத்தான், எழுத முடியாமல் போனால் அப்புறம் எண்களுக்குப் போவதில்லை.