எந்த எஸ்டேட்டுக்கு வாடகை? குன்னூரில் மூன்று வாரம்

அத்தை ஜூன் 14 அன்று காலமானார். மெல்பர்னிலிருந்து என்னால் ஆகஸ்ட் மாதம்தான் வர முடிந்தது. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி, பர்லியார் தாண்டியதும் ஜன்னலை மூடும் அளவுக்கு மூடுபனி. சொந்த வண்டியில் வந்திருந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கும். பஸ் பயணிக்கு அந்தக் கவலை இல்லை.

நான் வந்தது உயில் வேலைக்காக. அத்தைக்குக் குழந்தைகள் இல்லை. குன்னூரில் இருக்கும் வீட்டை எனக்கும் என் சித்தப்பா மகனுக்கும் சரிபாதியாக எழுதி, உயிலை நிறைவேற்றுபவராக, அதாவது எக்ஸிகியூட்டராக, சித்தப்பாவை நியமித்திருந்தார். வீட்டின் முன்பகுதியில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரும் மனைவியும், பின்பகுதியில் மகளோடு ஒரு அம்மாள், சாலையோர அறையில் ஒரு தையல்காரர் என மூன்று குடித்தனம். மூவருக்கும் ஒரே கேள்வி: இனி யாரிடம் வாடகை கொடுப்பது? அதற்குப் பதில் சொல்லும் ஒரு பக்கக் கடிதத்துக்கே என் பயணத்தின் பெரும்பகுதி போனது. போக வேண்டியதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் போய்ச் சேருவதற்குள் குழப்பம் வந்துவிட்டிருந்தது. அங்கே மாத வாடகையை அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் கொடுப்பது வழக்கம். முன்பகுதிக்காரர் ஜூன் வாடகை 6,500 ரூபாயை எப்போதும் போல அத்தையின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினார், போய்ச் சேர்ந்தது. பிறகு சித்தப்பா மரணச் சான்றிதழை வங்கியில் கொடுத்தார். ஆகஸ்டில் அனுப்பிய ஜூலை வாடகை திரும்பி வந்துவிட்டது. இறந்தவர் கணக்குக்கு வரும் பணத்தை, கணக்குதாரர் இறந்துவிட்டார் என்ற குறிப்போடு அனுப்பியவருக்கே வங்கி திருப்பலாம் என்பது அவருக்குத் தெரியாது. வாடகை பாக்கி வைத்துவிட்டதாக வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று இரண்டு வாரம் பயந்திருக்கிறார். பின்பகுதி அம்மாளிடம் ஜூலையில் என் தம்பி, அதாவது சித்தப்பா மகன், கோவையிலிருந்து வந்து 4,500 ரூபாயை ரொக்கமாக வாங்கிப் போயிருக்கிறான். கெட்ட எண்ணம் இல்லை. வீட்டில் பாதி தனக்குத்தானே என்ற நினைப்பு. ரசீது எழுதித் தரவில்லை. தையல்காரர் மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

இந்த மூன்று நிலையும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. யாரிடமிருந்து வீட்டை வாடகைக்கு எடுத்தாரோ அவருக்கு நல்லெண்ணத்தோடு கொடுத்த வாடகையை, பிறகு வேறொருவர் உரிமை கோரி மறுபடி கேட்க முடியாது என்று 1882ஆம் ஆண்டின் சொத்து உரிமைமாற்றச் சட்டம், 50ஆம் பிரிவில் சொல்கிறது. எனவே முன்பகுதிக்காரரின் ஜூன் வாடகையைப் பற்றி யாரும் கேள்வி எழுப்ப வேண்டியதில்லை. தம்பிக்குக் கொடுத்தது அப்படியல்ல. வீடு அவனிடமிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்டதல்ல. உயிலில் அவன் பெயர் இருந்தாலும், நிர்வாகம் முடியும் வரை வாடகை வாங்கும் உரிமை எக்ஸிகியூட்டருக்கே. கறாராகப் பார்த்தால் அந்த அம்மாள் இரண்டாம் முறை கொடுக்க நேரிடலாம். அது நடக்கக் கூடாது என்று நான் சித்தப்பாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவரும் அதையேதான் நினைத்திருந்தார்.

முதலில் நான் கேட்டது, என் இந்தியக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் என்ன என்பதுதான். ஊட்டி சாலையில் ஒரு ஆடிட்டர் அதைக் கேட்ட மாத்திரத்தில் தடுத்தார். வெளிநாட்டில் வாழ்பவருக்கு வாடகை கொடுத்தால், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், கொடுப்பவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும். 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் வரியும் சேர்ந்து 31.2 சதவீதம். 6,500 ரூபாயில் 2,028 ரூபாயைப் பிடித்து, அதற்கென்று தனி எண் வாங்கி, அரசுக்குச் செலுத்த வேண்டிய பொறுப்பு அந்தத் தேயிலைத் தொழிலாளியின் தலையில் விழும். மாறாக, சொத்து பிரித்துக் கொடுக்கப்படும் வரை வாடகை அத்தை விட்டுச்சென்ற சொத்தின் வருமானம். அத்தை காலமான ஆண்டில் இந்தியாவில் வசித்தவர் என்பதால் அந்த வருமானத்துக்கும் இந்தியவாசி என்ற நிலையே உண்டு. வாடகைக்காரர்கள் எதையும் பிடிக்க வேண்டாம். வரிக் கணக்கை சித்தப்பா தாக்கல் செய்வார்.

எனவே அத்தை விட்டுச்சென்ற சொத்தின், அதாவது அவருடைய எஸ்டேட்டின், பெயரில் ஒரு கணக்கு வேண்டும். இங்கேதான் ஒன்பது நாள் கரைந்தது. முதலில் போன வங்கிக் கிளையில் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று, கொண்டுவாருங்கள் என்றார்கள். அடுத்த நாள் வாரிசுச் சான்றிதழ் என்றார்கள். சித்தப்பா வாரிசாகப் போகவில்லை, உயிலின் எக்ஸிகியூட்டராகப் போனார். குன்னூரில் எழுதி, குன்னூர் வீட்டைப் பற்றி மட்டுமே பேசும் ஓர் இந்துவின் உயிலுக்கு நீதிமன்றத்தின் புரொபேட் கட்டாயம் அல்ல. எக்ஸிகியூட்டரின் அதிகாரம் இறந்த நாளிலிருந்தே உயிலின் வழியாக வருகிறது. வக்கீல் இதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்த பிறகு வேறொரு கிளையின் மேலாளர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். எஸ்டேட் பெயரில் தனியாகப் பான் எண் கேட்டார். அது வந்ததும் கணக்கு திறந்தது. கோவைக் கிளையே போதும் என்று சித்தப்பா சொன்னார். நான்தான் குன்னூர்க் கிளையே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பின்பகுதி அம்மாள் ரொக்கமாகத்தான் கட்டுவார். அவர் நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கடிதத்தின் முதல் வரைவு வக்கீல் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்தது. பிழையில்லாத கடிதம். ஆனால் அதை முன்பகுதிக்காரரிடம் காட்டியபோது, கணக்கின் பெயரில் விரலை வைத்து, "எந்த எஸ்டேட்டுக்குப் பணம் போடச் சொல்கிறீர்கள், அண்ணா?" என்று கேட்டார். இந்த மலையில் எஸ்டேட் என்றால் தேயிலைத் தோட்டம். அத்தைக்குத் தோட்டம் ஏது என்று அவர் யோசித்திருக்கிறார். அன்று இரவே உட்கார்ந்து தமிழில் எழுதினோம். எஸ்டேட் என்பது அத்தை விட்டுச்சென்ற சொத்துகளின் கணக்கு, தேயிலைத் தோட்டம் அல்ல என்று ஒரு வரி; பணம் அனுப்பும்போது திரையில் பெறுபவர் பெயராக என்ன எழுத்துகள் தெரிய வேண்டும் என்று அடுத்த வரி. அந்தப் பெயர் தெரியாவிட்டால் அனுப்ப வேண்டாம் என்றும் சேர்த்தோம்.

கடிதம் அத்தை காலமான தேதியில் தொடங்குகிறது. உயிலின் தேதி, அதில் சித்தப்பா எக்ஸிகியூட்டர் என்ற விவரம், அடுத்து செய்தி: ஆகஸ்ட் மாத வாடகை முதல் இந்தக் கணக்குக்கு மட்டும், வேறு யார் கேட்டாலும், நானோ தம்பியோ கேட்டாலும், கையிலோ கைபேசி எண்ணுக்கோ கொடுக்க வேண்டாம், சித்தப்பாவின் கையெழுத்தோடு அடுத்த கடிதம் வரும் வரை இதுவே நடைமுறை. வாடகைத் தொகையும் மற்ற ஏற்பாடுகளும் அப்படியே தொடர்கின்றன. உரிமையாளர் என்று எங்கும் போடவில்லை. காலமானவரின் உயில் எக்ஸிகியூட்டர் என்றே கையெழுத்து. வாடகை உயர்வு, காலி செய்வது பற்றி ஒரு சொல்லும் இல்லை. துக்கச் செய்தியோடு சேர்ந்து வரும் கடிதத்தில் அவற்றைச் சேர்ப்பது தவறு. மேலும் புது ஒப்பந்தம் பேசுகிறார்களோ என்ற சந்தேகத்தையும் கிளப்பும்.

மூவருக்கும் கடைசிப் பத்தி மட்டும் வேறு வேறு. முன்பகுதிக்காரருக்கு, திரும்பி வந்த ஜூலை வாடகையை செப்டம்பர் 10க்குள் கட்டலாம், தாமதம் அவர் பிழையல்ல என்று. பின்பகுதி அம்மாளுக்கு, தம்பியிடம் கொடுத்த 4,500 ரூபாய் ஜூன் வாடகையாக வரவு வைக்கப்பட்டது, அதை அவரிடம் மீண்டும் கேட்கமாட்டோம் என்று. தம்பியின் பங்கில் அதைக் கழித்துக்கொள்வதாக ஒரு தாளில் அவனிடமே கையெழுத்து வாங்கினோம். முகம் சுளிக்காமல் போட்டான்.

அந்தப் பத்தியில் முன்பணமும் வர வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். குடியிருப்பவர் முதலில் அஞ்சுவது அதற்குத்தான். அத்தையின் நீல அட்டை நோட்டில் பின்பகுதிக்கு 20,000 என்று இருந்தது. அம்மாள் 25,000 என்றார். எழுத்து ஒப்பந்தம் இல்லை. சித்தப்பா கொஞ்சம் தயங்கினார். நான் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். வேறொரு ஆண்டில், பால் கணக்குக்குக் கீழே, பென்சிலில் அத்தையின் சாய்ந்த எழுத்து: பின்வீட்டு அம்மா, மேலும் 5,000, மகள் வேலைக்குப் போனதும் கொடுத்தது. நோட்டை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடிதத்தில் 25,000 என்று எழுதினோம்.

மரணச் சான்றிதழின் நகல், உயிலில் சித்தப்பாவை நியமித்த பக்கம், அவருடைய அடையாள அட்டையின் நகல் ஆகியவற்றை இணைத்தோம். யாருக்கு என்ன பங்கு என்ற பக்கங்களை இணைக்கவில்லை. அது அவர்களுக்குத் தேவையில்லை. மூல உயிலைக் கையில் எடுத்துப்போய்க் காட்டினோம். தபாலிலும் ஒப்புகை அட்டையோடு ஒரு பிரதி போனது. வெறும் தபாலை மட்டும் நம்பினால், இந்தக் காலத்தில் வங்கி எண்ணோடு வரும் எந்தக் கடிதத்தையும் மோசடி என்றுதான் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும்.

வீட்டு வரியில் பெயர் மாற்றமும் மற்றவையும் முடிந்து வீடு எங்கள் கைக்கு வரும்போது சித்தப்பா இரண்டாம் கடிதம் எழுத வேண்டும். அப்போது என் பாதிக்கு அந்த 31.2 சதவீதம் வந்தே தீரும். வாடகைக்காரர் தலையில் அது விழாமல் எப்படிச் செய்வது என்று ஆடிட்டரிடம் இப்போதே பேசத் தொடங்கியிருக்கிறேன்.

கடைசியாகப் போனது தையல்காரரிடம். இரண்டு முறை நிதானமாகப் படித்து, பிரதியில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து இரண்டு உறைகளை எடுத்தார். ஒன்றின் மேல் ஜூன், மற்றதன் மேல் ஜூலை, ஒவ்வொன்றிலும் 3,800 ரூபாய். "டீச்சர் அம்மா வீட்டுக் காசு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருந்தேன்" என்றார். கையில் வாங்க மாட்டோம் என்று நாங்களே எழுதியிருந்த கடிதம் மேசையில் இருந்தது. சித்தப்பா அவரையும் அழைத்துக்கொண்டு வங்கிக்கு நடந்தார். 7,600 ரூபாயை அவர் கையாலேயே கட்டவைத்து, செலுத்துச்சீட்டின் அடிக்கட்டையை அவரிடம் கொடுத்தார்.