'ஜேடி அப்புறம் அனுப்புறேன் மேடம்': என் 11,800 ரூபாய் போன கதை

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். வேலை தேடிக்கொண்டிருக்கும் யாருக்காவது கன்சல்டன்சியிலிருந்து வெறும் போன் மட்டும் வந்து, எழுத்தில் எதுவும், ஜேடி என்கிற வேலை விவரக் குறிப்புகூட, வராமல் இருந்தால், முதல் இன்டர்வியூவுக்கு உட்காரும் முன் இதைப் படியுங்கள். என் 11,800 ரூபாய் போய்விட்டது. திரும்பக் கேட்டால், "உங்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கோமே மேடம், அப்புறம் என்ன?" என்று என்னையே கேட்கிறார்கள்.

நான் கோயம்புத்தூரில் ஒரு தொழிற்சாலையில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். சப்ளையர் பில்களைச் சரிபார்ப்பது, அவர்கள் கணக்கோடு நம் கணக்கை ஒத்துப்பார்ப்பது, மாதக் கடைசியில் புத்தகத்தை முடிப்பது, இதுதான் வேலை. ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் ரெஸ்யூமேயைப் புதுப்பித்த மறுநாளே அந்தப் போன் வந்தது. பெங்களூருவில் பெரிய பன்னாட்டு நிறுவனம், ஃபைனான்ஸ் அனலிஸ்ட் பதவி, பகல் ஷிஃப்ட், வருடத்துக்கு 8 லட்சம், கம்பெனியின் நேரடி பேரோல் என்றார் பேசியவர். நான் எந்த மென்பொருளில் வேலை செய்கிறேன், நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்பதையெல்லாம் நான் வாய் திறக்கும் முன்பே அவரே சொன்னார். "உங்க ப்ரொஃபைலை கிளையண்ட் ஏற்கெனவே பார்த்துட்டாங்க மேடம், ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார்.

அந்த இடத்தில்தான் நம்பிக்கை வந்தது. அதனால் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தத் தளங்களில் பணம் கட்டி ரெஸ்யூமே தேடும் வசதியை வாங்கிய எவருக்கும் நம் பெயர், எண், சம்பளம், நோட்டீஸ் பீரியட் எல்லாம் திரையில் வரிசையாகத் தெரியும். யார் சமீபத்தில் புதுப்பித்தார்கள் என்று வடிகட்டியும் பார்க்கலாம். நம் விவரம் அவருக்குத் தெரிகிறது என்பதால் அவர் கையில் ஒரு வேலை இருக்கிறது என்று ஆகிவிடாது.

நான் கேட்டேன். "ஜேடி மெயில் பண்ணுங்க சார், படிச்சிட்டு இன்டர்வியூவுக்கு வர்றேன்" என்று தெளிவாகவே கேட்டேன். "கிளையண்ட் கான்ஃபிடென்ஷியல் மேடம், ஃபர்ஸ்ட் கால் முடிஞ்சதும் எச்.ஆரே அனுப்புவாங்க" என்றார். வாட்ஸ்ஆப்பில் மறுபடியும் கேட்டதற்கு ஒரு கட்டைவிரல் படமும் இன்டர்வியூ லிங்க்கும் வந்தன. லிங்க்கில் நேரம் மட்டும்தான் இருந்தது. பதவியின் பெயர்கூட இல்லை.

இன்டர்வியூ எடுத்த பெண்மணி தன்னை கிளையண்டின் ஃபைனான்ஸ் மேனேஜர் என்றார். பர்ச்சேஸ் ஆர்டரும், சரக்கு வந்த ரசீதும், பில்லும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சரியான கேள்வி. என் துறையில் இருப்பவர் கேட்கிற கேள்வி. அன்று மாலையே "செலக்டட்" என்று போன். டாக்குமெண்ட் வெரிஃபிகேஷனுக்கும் டிரெயினிங்குக்கும் 10,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,800, மொத்தம் 11,800. முதல் சம்பளத்தில் திரும்ப வந்துவிடும், ஆன்போர்டிங் இன்றோடு முடிகிறது என்றார்கள். யு.பி.ஐ.யில் ஒரு தனிநபர் பெயர் வந்தது. கேட்டதற்கு "எங்க பார்ட்னர்" என்றார்கள். கட்டினேன்.

நேற்று இரவு முதல்முறையாக எழுத்தில் ஒன்று வந்தது. கஸ்டமர் சப்போர்ட் அசோசியேட். வாய்ஸ் பிராசஸ். இரவு ஷிஃப்ட். வருடத்துக்கு 2.6 லட்சம், அதிலும் ஒரு பகுதி இன்சென்டிவ். வேறொரு கம்பெனியின் பேரோல். 18 மாத பாண்ட்.

உடனே போன் செய்தேன். முதலில் பேசியவர் "நான் சோர்ஸிங் மட்டும்தான் மேடம், ஆஃபரைப் பத்தி எச்.ஆர்.கிட்ட பேசுங்க" என்றார். எச்.ஆர். என்று சொன்னவர் "ஃபைனான்ஸ் கிளையண்டோட சப்போர்ட் பிராசஸ்தானே, ஃபைனான்ஸ் ரோல்னு நீங்களா நினைச்சுக்கிட்டீங்க" என்றார். 8 லட்சம் என்ன ஆனது என்றால், "அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. எழுத்துல ஏதாவது இருக்கா?" இந்த ஒரு கேள்விக்காகத்தான் ஆரம்பத்திலிருந்தே அவர்கள் எதையும் எழுதித் தரவில்லை. இப்போது எனக்கு அது தெளிவாகத் தெரிகிறது. 11,800 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு, நான்தான் ஆஃபரை மறுக்கிறேனாம், அதனால் ரீஃபண்ட் கிடையாதாம். ஜி.எஸ்.டி. வாங்கினீர்களே, பில் எங்கே என்றேன். "அக்கவுண்ட்ஸ்ல இருந்து வரும்." அக்கவுண்ட்ஸ் பார்க்கிற என்னிடமே! ஜி.எஸ்.டி. வசூலித்தால் 15 இலக்கப் பதிவு எண்ணோடு பில் தர வேண்டும். அந்த எண்ணை ஜி.எஸ்.டி. போர்ட்டலில் போட்டால் கம்பெனியின் பதிவான பெயர் வந்துவிடும். அதைத் தர மாட்டார்கள்.

cybercrime.gov.in தளத்தில் புகார் பதிந்திருக்கிறேன். ஆதாரம் இணைக்கும் இடம் வந்தபோது என்னிடம் பணம் கட்டிய ரசீதும், 'ஜேடி அனுப்புங்கள்' என்ற என் மெசேஜும், அந்தக் கட்டைவிரலும் மட்டும்தான் இருந்தன. என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை.

'கான்ஃபிடென்ஷியல்' என்பது ஒரு சாக்கு. உண்மையான வேலை என்றால் கிளையண்ட் கொடுத்த ஜேடி கன்சல்டன்சியின் மெயிலில் ஏற்கெனவே இருக்கும். அது இல்லாமல் அவர்களாலேயே ஆள் தேட முடியாது. கம்பெனி பெயரை எடுத்துவிட்டு மீதியை அனுப்ப ஒரு நிமிடம் போதும். நல்ல ரெக்ரூட்டர்கள் கேட்காமலே அப்படித்தான் அனுப்புகிறார்கள், என் தோழிக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். பதவியின் பெயர், தினசரி வேலை, ஊர், ஷிஃப்ட், யார் பேரோல், சம்பளத்தில் நிலையானது எவ்வளவு என்று இருந்தது. இதில் பாதி எனக்கு வந்திருந்தால் அந்த முதல் இன்டர்வியூவே நடந்திருக்காது.

பணத்தைத் தாண்டி இன்னொரு நஷ்டமும் உண்டு. போனில் "சரி, அனுப்புங்க" என்று சொன்னால் நம் ரெஸ்யூமே எந்தக் கம்பெனிக்குப் போகிறது என்றே நமக்குத் தெரியாது. பல கம்பெனிகளில் முதலில் அனுப்பிய கன்சல்டன்சிக்குத்தான் அந்த விண்ணப்பம் சொந்தம். அப்புறம் நல்ல இடத்திலிருந்து அதே வேலைக்குப் போனால் 'டூப்ளிகேட்' என்று தள்ளிவிடுவார்கள்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. போன் வந்தால் இந்த மெசேஜை அப்படியே அனுப்புங்கள்: "ஜேடியை உங்கள் கம்பெனி மெயிலில் இருந்து அனுப்புங்கள். பதவி, ஊர், ஷிஃப்ட், பேரோல், நிலையான சம்பளம், பாண்ட் உண்டா என்பது அதில் இருக்கட்டும். படித்தபின் நேரம் சொல்கிறேன்." மெயில் கம்பெனி பெயரில் வருகிறதா, ஜிமெயிலிலா என்று பாருங்கள். கம்பெனி பெயர் சொன்னால் அதன் கேரியர்ஸ் பக்கத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று தேடுங்கள். ஜேடி வரும்வரை பான், ஆதார், சம்பள ஸ்லிப் எதையும் அனுப்ப வேண்டாம். போனில் பேசியதை அன்றே "நீங்கள் சொன்னது இதுதானே" என்று எழுதி அனுப்பி, பதில் வாங்கி வையுங்கள். வேலைக்காகப் பணம் கேட்டால், ரீஃபண்ட் என்றாலும், கட்டாதீர்கள். கட்டிவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.