பருவமழைக்கு இருநூறு சொல்: மூன்று பத்திகளில் எது தேறும்?

தரம் 7 பிள்ளைகளுக்கு பருவமழை பற்றி இருநூறு சொல்லில் ஒரு வாசிப்புப் பத்தி எழுத வேண்டும் என்றால், நம் மலையகத்தில் வழக்கமாக மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஒன்று பாடநூல் நடை. இரண்டாவது, வசனங்களைத் துண்டு துண்டாக நறுக்கிய ‘எளிய’ நடை. மூன்றாவது கதை நடை. மூன்றையும் ஒரே கேள்வியால் சோதித்துப் பார்க்கலாம்: ஜூலையில் ஹட்டனில் மழை கொட்டும்போது பண்டாரவளையில் ஏன் வெயில்?

கேள்வி சும்மா எடுத்ததல்ல. இரண்டு ஊரும் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ ஒரே உயரம்தான், 1,200 மீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஆகவே “ஹட்டன் உயரமான இடம், அதனால் மழை” என்று பிள்ளை தப்பிக்க முடியாது. காரணம் புரிந்திருந்தால் மட்டுமே விடை வரும்.

முதலில் பாடநூல் நடை. அது இப்படித்தான் இருக்கும்: “இந்து சமுத்திரத்திலிருந்து ஈரப்பதனைச் சுமந்து வரும் தென்மேல் பருவக்காற்று, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளால் உயர்த்தப்பட்டு, குளிர்வடைந்து, ஒடுங்கி, மழைவீழ்ச்சியைத் தோற்றுவிக்கின்றது.” இதில் பிழை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் நாலைந்து நிகழ்வுகள் ஒரே வசனத்துக்குள் அடைந்து கிடக்கின்றன. எது ஒடுங்குகிறது? காற்றா, காற்றில் உள்ள நீராவியா? வசனத்தைப் பார்த்தால் காற்றே ஒடுங்குவது போலத் தெரிகிறது. பிள்ளைகள் இந்த வசனத்தை அப்படியே மனப்பாடம் செய்து வினாத்தாளில் எழுதிவிடுவார்கள், புள்ளியும் கிடைக்கும். பண்டாரவளைக் கேள்வியைக் கேட்டால் அதே வசனத்தைத்தான் திரும்ப ஒப்பிப்பார்கள்.

சரி, கடினம் என்றால் நறுக்கிவிடலாமே என்று எழுதுவது இரண்டாவது வகை: “காற்று கடலிலிருந்து வருகிறது. காற்றில் ஈரம் இருக்கிறது. மேகங்கள் மலையில் மோதுகின்றன. மழை பெய்கிறது. பண்டாரவளையில் மழை குறைவு.” ஒவ்வொரு வசனமும் தரம் 4 பிள்ளைக்குக்கூடப் புரியும். ஆனால் பத்தி புரியாது. ‘அதனால்’, ‘ஏனென்றால்’, ‘பிறகு’ எல்லாம் வசனத்தைக் குட்டையாக்கும்போது முதலில் பலியாகும் சொற்கள். அவை போனதும் ஐந்து தனித்தனிச் செய்திகள் மிஞ்சுகின்றன. அவற்றைக் கோர்க்கும் வேலை வாசிக்கும் பிள்ளையின் தலையில் விழுகிறது. விஷயத்தை முன்பே தெரிந்த பிள்ளை கோர்த்துவிடும். தெரியாத பிள்ளைக்காகத்தானே பத்தி எழுதுகிறோம்?

இதைவிட மோசமானது அந்த ‘மோதுகின்றன’. மேகம் மலையில் இடித்து உடைந்து மழை கொட்டுகிறது என்ற படம் நம் ஊரில் பெரியவர்களிடமும் உண்டு. மலை மேகத்தைத் தடுத்துவிட்டது, அதனால் அந்தப் பக்கம் மழை இல்லை என்று முடித்துவிடுவார்கள். அப்படியானால் பண்டாரவளையில் ஜூலையில் காற்றே அடிக்கக் கூடாது. அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள், அந்த மாதங்களில் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்வார்கள். காற்று மலையைத் தாண்டிப் போகத்தான் செய்கிறது, காய்ந்து போகிறது. ஊவாவின் தேயிலைக்குப் பேர்போன வாசனை இந்தக் காய்ந்த காற்று வீசும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலத்துக்குரியது. எளிமைக்காக எழுதிய ஒரு வினைச்சொல் இத்தனையையும் மறைத்துவிடுகிறது.

கதை நடையை வாசிக்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தகரக் கூரையில் சடசடவென்று மழை, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் புறப்படும் அம்மா, நனைந்த விறகு. இருநூறு சொல்லில் நூற்றைம்பது இதற்கே போய்விடும். கடைசியில் இரண்டு வரியில் “இதுதான் பருவமழை” என்று ஆசிரியர் பாத்திரம் ஒன்று வந்து சொல்லிவிட்டுப் போகும். மொழிப் பாடத்துக்கு நல்ல பத்தி. காரணம் கற்பிக்க உதவாது. ஆனால் கதைக்கு ஒரு பலம் உண்டு. பிள்ளையின் மனதில் ஒரு கேள்வியை எழுப்ப அதற்குத் தெரியும்.

அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை விளக்கமாக எழுதினால் பத்தி தேறும் என்பது என் கணிப்பு. நடுப்பகுதியை எழுதிக் காட்டுகிறேன்:

“ஜூலை மாதம். ஹட்டனில் மழை விட்டபாடில்லை. பண்டாரவளையிலிருந்து மாமா பேசினார். ‘இங்கே நல்ல வெயில், காற்றுதான் பலமாக அடிக்கிறது’ என்றார். இரண்டு ஊரும் மலையில்தானே இருக்கின்றன? பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

தென்மேல் பருவக்காற்று கடலைத் தாண்டி வருகிறது. அதனால் அதில் நீராவி நிறைய இருக்கிறது. மலை குறுக்கே நிற்பதால் காற்று சரிவில் ஏறுகிறது. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அதனால் ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது. காற்று குளிரும்போது அதில் உள்ள நீராவி சின்னச் சின்ன நீர்த்துளிகளாக மாறுகிறது. இதை ஒடுங்குதல் என்கிறோம். அந்தத் துளிகளின் கூட்டம்தான் மேகம். துளிகள் பெருத்துக் கனத்ததும் மழையாக விழுகின்றன.

மலையைத் தாண்டிய காற்று மறுபக்கம் இறங்குகிறது. அதற்குள் நிறைய நீரை மேற்குச் சரிவில் விட்டுவிட்டது. இறங்கும்போது காற்று சுருங்கிச் சூடாகிறது. அதனால் மேகமும் கலைந்துவிடுகிறது. இப்படி மழை குறைந்த பக்கத்தை மழைநிழல் பிரதேசம் என்கிறோம்.”

வசனங்கள் இங்கேயும் குட்டைதான். ஆனால் ‘அதனால்’ மூன்று இடத்தில் நிற்கிறது, ‘அதற்குள்’ நிற்கிறது. ஒடுங்குதல், மழைநிழல் என்ற இரண்டு கலைச்சொற்களும் விளக்கம் முடிந்த பிறகே வருகின்றன. பிள்ளை முதலில் நிகழ்வைப் பார்க்கிறது, பிறகு பெயரைக் கேட்கிறது. தரம் 6க்கு என்றால் காற்றழுத்த வசனத்தை எடுத்துவிட்டு “மேலே ஏறும் காற்று குளிர்கிறது” என்று நிறுத்தலாம். அது முழுமையில்லை, ஆனால் பொய்யுமில்லை. ‘மோதுகிறது’ பொய். தரத்துக்கேற்பக் குறைப்பதற்கும் தப்பாக்குவதற்கும் கோடு இங்கேதான் விழுகிறது.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் என்று எழுதினால் பிள்ளைக்கு ஒன்றும் தோன்றாது. பெய்த நீர் வடியாமல் நின்றால் ஐந்து மீற்றர் ஆழம் வரும் என்று எழுதினால் லயத்துக் கூரை மூழ்குவது கண்ணுக்குத் தெரியும். ஒரு பத்திக்கு இப்படி ஒரு எண் போதும்.

பத்தி தேறியதா என்று பார்க்கும் கேள்வியைப் பத்திக்குள் விடை இல்லாததாக வைக்க வேண்டும். “டிசம்பரில் பதுளையில் நல்ல மழை, ஹட்டனில் குறைவு. அப்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது?” மனப்பாடப் பிள்ளை தென்மேல் என்றே எழுதும். புரிந்த பிள்ளை, வடகீழ் என்ற பெயர் தெரியாவிட்டாலும், “அந்தப் பக்கத்திலிருந்து” என்று கையைக் கிழக்கே நீட்டும். அதற்கும் புள்ளி கொடுக்கலாம்.

இன்னொன்று, மழை எல்லாமே பருவக்காற்று கொண்டுவருவதில்லை. மார்ச், ஏப்ரலில் காலையில் வெயில் அடித்து, பின்னேரம் இடியோடு கொட்டும் மழைக்குக் காரணம் பெரும்பாலும் வெயிலில் சூடாகி மேலெழும் காற்று. அதையும் இருநூறு சொல்லுக்குள் திணித்தால் இரண்டும் குழம்பும். அதைத் தரம் 8 பத்திக்கு விட்டுவிட்டு, இங்கே “மலைநாட்டு மழை பருவக்காற்றால் வருகிறது” என்று எழுதாமல் “ஜூலை மழை” என்று மட்டும் எழுதினால் சரி.