ஸ்வைப் மெஷின் "ஃப்ரீ" என்று வந்தால் கையெழுத்துப் போடுமுன் இதைப் படியுங்கள்

திண்டுக்கல்லில் பாத்திரம், குக்கர், மிக்ஸி விற்கும் கடை எங்களுடையது. 12,065 ரூபாய் போயிருக்கிறது. பெரிய தொகையா என்று கேட்பவர்கள் ஒரு குக்கரில் எவ்வளவு நிற்கும் என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். திருடன் எடுத்துப் போகவில்லை. அப்பா காலத்திலிருந்து கரன்ட் அக்கவுண்ட் வைத்திருக்கும் வங்கிதான் ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்திருக்கிறது. பெயர் சொல்லவில்லை, விஷயம் இன்னும் முடியவில்லை.

பொங்கலுக்கு முன்னால் அந்தப் பையன் வந்தான். கழுத்தில் வங்கியின் அட்டை. மேனேஜரே போனில் பேசி, "நம்ம பையன்தான் சார், நல்லா பண்ணித் தருவான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தோம். "அண்ணே, மெஷின் ஃப்ரீ, வாடகை கிடையாது. டெபிட் கார்டுக்கு 0.90, கிரெடிட் கார்டுக்கு 1.95, ரூபே டெபிட்டுக்குச் சுத்தமா ஜீரோ" என்றான். ஒரு தாளில் அதை எழுதியும் காட்டினான், போகும்போது தாளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். படிவத்தில் கட்டண விவரம் இருக்க வேண்டிய கட்டங்கள் காலியாக இருந்தன. கேட்டதற்கு, "சிஸ்டத்துல ஏத்தும்போது அதுவா வந்துடும்ணே" என்றான்.

விஷயம் வெளியே வந்தது ஒரு கிரைண்டரால். ஒருவர் 12,000 ரூபாய்க்கு ரூபே டெபிட் கார்டைத் தேய்த்தார். அன்று கார்டில் வேறு வியாபாரமே இல்லை. ராத்திரி செட்டில்மென்ட் போட்டபோது வந்த சீட்டில் 12,000. மறுநாள் அக்கவுண்டில் விழுந்தது 11,723.88. மற்ற நாட்களில் நாலைந்து பில் சேர்ந்து ஒரே தொகையாக விழும், யாரும் பிரித்துப் பார்க்க மாட்டோம். அன்று ஒரே பில் என்பதால் 276 ரூபாய் பல்லைக் காட்டிவிட்டது. 12,000-க்கு 1.95 சதவீதம் 234, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 42.12. கிரெடிட் கார்டு ரேட்டை அப்படியே ரூபே டெபிட்டுக்குப் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் மாதாந்திர ஸ்டேட்மென்ட் எங்கே என்று தேடினால், அது அந்தப் பையன் போட்டுவிட்ட ஏதோ ஒரு ஈமெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது! பழையதை எல்லாம் கேட்டு வாங்கியதில் முழுக்கதையும் தெரிந்தது. எல்லா டெபிட் கார்டுக்கும் 1.95. மாதம் 472 ரூபாய் வாடகை. கார்டு வியாபாரம் ஒரு லட்சத்துக்குக் கீழே போன இரண்டு மாதங்களுக்கு "குறைந்தபட்சப் பயன்பாட்டுக் கட்டணம்" என்று தலா 590. இப்படி ஒன்று இருப்பதையே யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

பையனைக் கூப்பிட்டால், "சிஸ்டம் அப்டேட் ஆகலைண்ணே, அடுத்த மாசம் ரிவர்ஸ் ஆயிடும்." அடுத்த மாதம் போனையே எடுக்கவில்லை. கிளைக்குப் போனால் மேனேஜர், "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லையே சார், மெர்ச்சன்ட் செக்‌ஷன் சென்னையில இருக்கு" என்கிறார். நம்ம பையன் என்று சொன்ன அதே வாய். கஸ்டமர் கேரில் பாட்டைக் கேட்டபடி காத்திருந்து புகார் எண் வாங்கினால், சாயங்காலம் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வருகிறது. என்ன தீர்ந்தது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

கோபத்தில் ஒரு கடிதம் எழுதினேன். "நம்பிய வாடிக்கையாளரை ஏமாற்றிவிட்டீர்கள், பிடித்த பணத்தை எல்லாம் திருப்பித் தாருங்கள்" என்று இரண்டு பக்கம். ஒரே வரியில் பதில் வந்தது: கட்டணங்கள் ஒப்பந்தப்படியே வசூலிக்கப்பட்டுள்ளன.

எங்கள் தெருவில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். கடிதத்தைப் படித்துவிட்டு, "ஏம்ப்பா, இதுல அவன் பதில் சொல்ற மாதிரி ஒரு கேள்வியும் இல்லையே" என்றார். உட்கார்ந்து திருப்பி எழுத வைத்தார். மேலே கடைக்கு வங்கி கொடுத்த எம்ஐடி எண், மெஷினுக்கான டிஐடி எண், மெஷின் வைத்த தேதி, அக்கவுண்டின் கடைசி நாலு எண். கீழே மூன்று தனித்தனிப் புகார்கள், ஒன்றோடு ஒன்றைக் கலக்காமல்.

முதலாவது ரூபே டெபிட். 2020 ஜனவரி 1 முதல் இதற்கு வியாபாரியிடம் கட்டணமே பிடிக்கக் கூடாது. ஆறு மாதத்தில் 2,10,000 ரூபாய் வியாபாரம், அதில் பிடித்தது ஜிஎஸ்டியோடு 4,832. இரண்டாவது மற்ற டெபிட் கார்டுகள். ரிசர்வ் வங்கியின் 2017 டிசம்பர் 6 சுற்றறிக்கைப்படி, முந்தைய வருட விற்றுமுதல் 20 லட்சத்துக்கு மேல் இருந்தால் மெஷினில் தேய்ப்பதற்கு அதிகபட்சம் 0.90 சதவீதம், ஒரு பில்லுக்கு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. 20 லட்சம் வரை என்றால் 0.40, பில்லுக்கு 200. நாங்கள் முதல் வகை. 2,60,000 ரூபாய்க்குக் கூடுதலாகப் பிடித்தது 3,221. மூன்றாவது வாடகையும் குறைந்தபட்சக் கட்டணமும், சேர்த்து 4,012. இதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதுவும் சொல்லவில்லை, ஒப்பந்தம்தான் பேசும். அதனால் இங்கே சட்டம் பேசாமல், "நான் கையெழுத்திட்ட படிவத்தின் நகலையும், இந்தக் கட்டணங்கள் எந்தப் பிரிவில் உள்ளன என்பதையும் தரவும்" என்று மட்டும் எழுதச் சொன்னார். கிரெடிட் கார்டு கட்டணத்தைத் தொடவே விடவில்லை. அதற்கும் உச்சவரம்பு கிடையாது, பேசிய ரேட்டும் அதுதான்; அதைச் சேர்த்தால் அதையே பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளிவிடுவார்களாம்.

ஒவ்வொரு பில்லுக்கும் தேதி, தொகை, கார்டு வகை, பிடித்தது, பிடிக்க வேண்டியது என்று ஒரு பட்டியல் இணைத்தோம். கார்டு வகை நாம் கிழித்துப் போடும் சீட்டிலேயே இருக்கிறது, RUPAY என்று அச்சாகியிருக்கும்.

இன்று காலை பதில் வந்தது. 4,832 ரூபாய் அக்கவுண்டில் விழுந்துவிட்டது, ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்காமல். 3,221 "பரிசீலனையில் உள்ளது". 4,012-க்குப் பழைய பாட்டு, ஒப்பந்தப்படி. நகல் கேட்டது காதில் விழவே இல்லை போலிருக்கிறது. ஆக 12,065-இல் இன்னும் 7,233 அவர்களிடம். எழுதிக் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ cms.rbi.org.in-இல் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. இன்று ராத்திரியே போடப்போகிறேன்.

விவரமாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், கடையில் ஆள் நிற்கிறது. அவசரமாகச் சில: காலிக் கட்டத்தில் கையெழுத்து வேண்டாம், நிரப்பிய படிவத்தைப் போனில் படம் எடுங்கள். ஈமெயிலை நீங்களே எழுதுங்கள். மெஷின் வந்த வாரமே ஒரு ரூபே டெபிட் பில்லைத் தனியாக செட்டில் செய்து மறுநாள் முழுப் பணமும் விழுகிறதா பாருங்கள். பிடித்த காசை வாடிக்கையாளர் தலையில் இரண்டு பர்சென்ட் என்று கட்டாதீர்கள், எங்கள் கடைவீதியில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், அதற்கும் அனுமதி இல்லை. மெஷினைத் திருப்பிக் கொடுத்தால் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள், இல்லாவிட்டால் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.