ஒரே கோப்பு, முப்பத்தோரு சைட்: டிரைவ் ஷார்ட்கட்டுடன் மூன்று வருடம்

மதுரையில் வீட்டு வரைபடம் போட்டு, கட்டுமான மேற்பார்வையும் செய்து வருகிறேன். சைட்கள் ஒத்தக்கடை, திருப்பரங்குன்றம், திருமங்கலம், மேலூர் என்று சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு சைட்டுக்கும் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் வைத்து, அதை அந்த சைட்டின் கான்ட்ராக்டருக்கும் வீட்டுக்காரருக்கும் பகிர்ந்துவிடுவேன்.

எல்லா சைட்டுக்கும் பொதுவான கோப்புகள் இரண்டு உண்டு. ஒன்று, தூண், பீம், சம்ப், செப்டிக் டேங்க் ஆகியவற்றின் கம்பி விவரங்கள் அடங்கிய 42 எம்பி பிடிஎஃப். இன்னொன்று, கம்பி கட்டும் முறையைக் காட்ட நானே எடுத்த 310 எம்பி வீடியோ. முன்பெல்லாம் புது சைட் வந்தால் இவற்றைக் காப்பி எடுத்து அந்த ஃபோல்டரில் போட்டுவிடுவேன். பிடிஎஃப் 31 இடத்தில் இருந்தது, வீடியோ 11 இடத்தில். கூட்டினால் ஏறக்குறைய 4.7 ஜிபி. இலவசக் கணக்கில் கிடைப்பது 15 ஜிபி, அதையே ஜிமெயிலும் போட்டோஸும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இடம் நிரம்பியதும் ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய மெயில் எனக்கு வராமல் திரும்பிப் போனது. அன்றுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

காப்பிகளைக் கண்டுபிடிப்பது சுலபம். கணினியில் இந்த முகவரியைத் திறந்தால் கோப்புகள் அளவு வாரியாக வரிசைப்படும்:

```
https://drive.google.com/drive/quota
```

ஒரே அளவுள்ள காப்பிகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஒன்றை மட்டும் ‘பொது’ என்ற ஃபோல்டருக்கு நகர்த்தினேன், மற்றவற்றை அழித்தேன். அழித்தவை `Bin`-இல் இருக்கும்வரை இடம் திரும்பக் கிடைக்காது, அதையும் காலி செய்ய வேண்டும். பிறகு மூலக் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, `Organize`, `Add shortcut` வழியாக ஒவ்வொரு சைட் ஃபோல்டரிலும் ஷார்ட்கட் வைத்தேன். ஷார்ட்கட் கணக்கில் இடம் பிடிப்பதில்லை. ஐகானின் மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட், இல்லாவிட்டால் உண்மையான கோப்பு.

2020 செப்டம்பர் வரை டிரைவில் ஒரே கோப்பையே பல ஃபோல்டர்களில் வைக்க முடிந்தது. இப்போது ஒரு கோப்புக்கு ஒரே இருப்பிடம்தான், மற்ற இடங்களில் இருப்பது அங்கே போக வழிகாட்டும் பலகை மட்டுமே. இது புரிந்தால்தான் அடுத்து வரும் சிக்கல்களும் புரியும்.

முதல் சிக்கல் மறுவாரமே வந்தது. திருமங்கலம் கான்ட்ராக்டர் போன் செய்தார்: “சார், மத்ததெல்லாம் தொறக்குது, கம்பி டிராயிங் மட்டும் பர்மிஷன் கேக்குது.” என் கணினியில் பார்த்தால் நன்றாகத் திறக்கிறது. பகிர்ந்த ஃபோல்டருக்குள் காப்பி வைத்தால், ஃபோல்டரின் அனுமதி அந்தக் காப்பிக்கும் போய்ச் சேரும். ஷார்ட்கட்டில் அப்படி இல்லை. பலகை அவர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் மூலக் கோப்பு ‘பொது’ ஃபோல்டரில் பூட்டிக் கிடக்கும், அவருக்கு `You need access` என்றுதான் வரும். கோப்பின் சொந்தக்காரருக்கு எப்போதும் திறக்கும் என்பதால் இந்தத் தவறு நம் கண்ணில் படவே படாது. இப்போது ஷார்ட்கட் வைத்த கையோடு மூலக் கோப்பையும் அவருடைய மெயிலுக்கு `Viewer` ஆகப் பகிர்ந்துவிடுகிறேன். வீட்டில் உள்ள இன்னொரு கணக்கிலும் அதே ஃபோல்டரைப் பகிர்ந்து வைத்திருக்கிறேன், அதில் திறந்து பார்த்த பிறகுதான் கான்ட்ராக்டருக்குச் சொல்வேன். `Editor` கொடுக்கக் கூடாது. ஒரு சைட்டில் யாராவது கை வைத்தால் 31 சைட்டிலும் மாறிவிடும்.

இரண்டாவது தவறு நான் செய்தது. பிடிஎஃப்பைத் திருத்தியபின் பழையதை அழித்துவிட்டு, அதே பெயரில் புதியதை ஏற்றினேன். ஷார்ட்கட் பிடித்துக்கொண்டிருப்பது பெயரை அல்ல, கோப்பின் உள் அடையாள எண்ணை. புதிய கோப்புக்குப் புதிய எண், அதனால் எல்லா ஷார்ட்கட்டும் ஒரே நாளில் செத்துப்போயின. `Bin`-இல் 30 நாள் வரை கோப்பு இருக்கும் என்பதால் பழையதை மீட்டெடுத்து, `File information`, `Manage versions`, `Upload new version` என்ற வழியில் புதியதை அதற்குள்ளேயே ஏற்றினேன். எண் மாறவில்லை, எல்லா சைட்டிலும் புதிய பக்கங்கள் தெரிந்தன. ஆனால் மூலக் கோப்பின் பெயரை மாற்றினால் ஏற்கெனவே வைத்த ஷார்ட்கட்டின் பெயர் மாறாது. அதனால் பெயரில் R3, R4 என்று போடுவதை நிறுத்திவிட்டேன். திருத்த எண்ணும் தேதியும் முதல் பக்கத்தின் மூலையில் இருக்கும்.

ஷார்ட்கட்டின் முழு அருமை தெரிந்தது ஒத்தக்கடையில். தூணின் மேல், கீழ் முனைகளில் ரிங் இடைவெளியை 150 மி.மீ.யிலிருந்து 100 மி.மீ. ஆக மாற்றியிருந்தேன். அந்த ஃபோல்டரில் மட்டும் ஒரு பழைய காப்பி என் கண்ணுக்குத் தப்பி இருந்தது. கொத்தனார் அதைப் பார்த்து இரண்டு தூணுக்கு 150-இல் கட்ட வைத்துவிட்டார். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் போய் டேப் வைத்துப் பார்த்ததால் அவிழ்த்துக் கட்ட முடிந்தது. கான்கிரீட் போட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். அவர் மேல் தவறில்லை, அவர் கையில் இருந்த காகிதம் அப்படி.

அதற்காக எல்லாவற்றையும் ஷார்ட்கட் ஆக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஒரு வீடு முடிந்து சாவி கொடுத்த பிறகு, அது எந்த விவரப்படி கட்டப்பட்டது என்று ஐந்து வருடம் கழித்து யாராவது கேட்கலாம். ஷார்ட்கட்டைத் திறந்தால் அன்றைய தேதியின் திருத்தம்தான் தெரியும், அந்த வீட்டுக்குப் பயன்படுத்தியது தெரியாது. பழைய பதிப்புகளை நம்பவும் முடியாது, `Keep forever` குறிக்காதவை 30 நாளுக்குப் பிறகு அழிக்கப்படலாம். ஆகவே வேலை முடிந்த அன்று அந்த வீட்டுக்கு உரிய பக்கங்களை மட்டும் தனி பிடிஎஃப் ஆக்கி, ஷார்ட்கட்டை எடுத்துவிட்டு அதை வைக்கிறேன். நான்கைந்து எம்பிக்குள் முடிந்துவிடும். ஷார்ட்கட்டை அழித்தால் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. அழிப்பதற்கு முன் அம்புக்குறி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மாதம் ஒரு முறை, டிரைவிலிருந்து கோப்புகளை இறக்கும் rclone என்ற நிரலை வைத்து ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுப்பேன். டிரைவில் ஒழிந்த காப்பிகள் ஹார்ட் டிஸ்க்கில் திரும்ப முளைத்திருந்தன. ஏனென்றால் rclone ஷார்ட்கட்டைப் பின்தொடர்ந்து, ஒவ்வொரு இடத்திலும் முழுக் கோப்பையும் இறக்கிவிடும். இப்போது இப்படிக் கொடுக்கிறேன்:

```
rclone copy gdrive: E:\DriveBackup --drive-skip-shortcuts
```

`gdrive` என்பது rclone-இல் என் டிரைவ் கணக்குக்கு நான் வைத்த பெயர். ‘பொது’ ஃபோல்டரும் சேர்ந்தே வர வேண்டும் என்பதால் சைட் ஃபோல்டர்களை மட்டும் தனியாக எடுப்பதில்லை. வேறொருவர் தன் கணக்கில் வைத்திருக்கும் கோப்புக்கு நான் போட்ட ஷார்ட்கட்டுகளும் இதில் விடுபட்டுப் போகும். அவர் அழித்தால் எனக்கும் போய்விடும். அதனால் மண் பரிசோதனை அறிக்கை மாதிரி வெளியிலிருந்து வருகிறவற்றை மட்டும், இடம் போனாலும் பரவாயில்லை என்று காப்பியாகவே எடுத்து வைக்கிறேன்.