சராசரியா, பொதுக் கேள்விகளா?

மஞ்சக்குப்பத்தில் ஒரு பயிற்சி மையம் ஆண்டுதோறும் 100 கேள்வி கொண்ட மாதிரித் தேர்வு வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போன வருடச் சராசரி 60, இந்த வருடம் 54. கேள்வித்தாள் கடினமா, பிள்ளைகள் சுமாரா?

சராசரியை மட்டும் பார்ப்பவர், தாள்தான் கடினம் என்று எல்லோருக்கும் 6 மதிப்பெண் கூட்டிவிடுவார். இரண்டு வருடப் பிள்ளைகளும் ஒரே தரம் என்றால் மட்டுமே அது சரி. கடலூரில் புயல் விடுமுறையால் பாடங்கள் தவறிய வருடங்களும் உண்டே!

இன்னொரு வழி, இரண்டு தாள்களிலும் அதே 20 கேள்விகளை வைப்பது. அவற்றில் சராசரி 12-லிருந்து 11-ஆகக் குறைந்தால், அந்த வித்தியாசம் பிள்ளைகளுடையது. 20-க்கு 1 என்றால் 100-க்குச் சுமார் 5. ஆக, தாளின் கடினம் 1 மதிப்பெண்தான். கூட்ட வேண்டியதும் அவ்வளவே.

நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் பொதுக் கேள்விகள் முழுப் பாடத்திட்டத்தின் சிறு நகலாக இருக்க வேண்டும். வெளியே கசிந்தால் பிள்ளைகள் கெட்டிக்காரர்களாகத் தெரிவார்கள், தாளின்மேல் பழி விழும், மதிப்பெண் அதிகமாகக் கூட்டப்படும். கண்டுபிடிக்க, ஒவ்வொரு கேள்விக்கும் சரியாக எழுதியவர்களின் சதவீதத்தை வருடவாரியாக ஒப்பிடுங்கள். மற்றவை இறங்க, ஒன்று மட்டும் எகிறினால் அதை நீக்கிவிட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள்.