மஞ்சள் சேனலுக்குத் தலைப்பு: போட்டியாளரைப் படிக்க மூன்று வழிகள்

சிவகிரிப் பக்கம் மஞ்சள் போடும் என் மச்சான், விதைக்கிழங்கு நடுவதில் ஆரம்பித்து வேகவைத்து மெருகு போடும் வரை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து யூடியூப்பில் போடுகிறார். போன தை மாதம் போனில் கேட்டார்: "ஏனுங்க மாப்ள, மத்த மஞ்சள் சேனல்காரங்க சொல்றதைத்தான் நாமளும் சொல்றோம். அவங்களுக்கு மட்டும் எப்படி ஓடுது? அவங்க தலைப்பையே கொஞ்சம் மாத்திப் போட்டுக்கலாமா?"

வேண்டாம் என்றேன். மஞ்சள் வீடியோ பார்க்கிறவர் நாலு சேனலையும் பார்க்கிறவர்தான். ஒரே வாசகத்தை இரண்டு இடத்தில் கண்டால் உடனே தெரிந்துவிடும். தலைப்பு என்பது அந்த வீடியோவுக்குள் இருக்கும் ஒன்றைச் சொல்லிக் கூப்பிடுவது. அது நம் வீடியோவில் இல்லையென்றால் வந்தவர் அரை நிமிடத்தில் போய்விடுவார். படிக்க வேண்டியது அவர்களின் சொல்லை அல்ல, சொல்லை எந்த வரிசையில் அடுக்குகிறார்கள் என்பதை. அதற்கு மூன்று வழிகளை இருவரும் முயன்று பார்த்தோம்.

முதல் வழி டேக் எடுப்பது, அதாவது வீடியோவோடு சேர்த்துப் போடும் தேடுசொற்களை எடுத்துப் பார்ப்பது. பக்கத்தின் மூலநிரலில் `keywords` என்று தேடினால் அந்த வீடியோவின் டேக்குகள் அப்படியே கிடைத்துவிடும். ஐந்து நிமிட வேலை என்பதால் எல்லாரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். ஆனால் வீடியோவைக் கண்டுபிடிக்க வைப்பதில் டேக்குக்கு மிகச் சிறிய பங்குதான் என்று யூடியூப்பே சொல்கிறது. எழுத்துப்பிழையோடு தேடப்படும் சொற்களுக்குத்தான் அது முக்கியமாக உதவும். எடுத்துப் பார்த்தோம்: `manjal vilai`, `erode manjal` போன்றவை நாங்கள் எடுத்துக்கொண்ட நாலு போட்டிச் சேனலிலும் இருந்தன. ஓடிய வீடியோவிலும் ஓடாததிலும் ஒரே டேக். தமிழை ஆங்கில எழுத்தில் எப்படியெல்லாம் தட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள மட்டும் இது பயன்படும். போட்டி சேனலின் பெயரையே டேக்காகப் போடும் பழக்கமும் உண்டு. அது பார்ப்பவரைத் திசைதிருப்பும் வேலை, தொடவே கூடாது.

இரண்டாவது வழி கையால் அட்டவணை போடுவது. நாலு சேனல், ஒவ்வொன்றிலும் 30 வீடியோ, மொத்தம் 120 தலைப்பு. ஒரு மாதத்துக்கும் குறைவான வயதுள்ள வீடியோவைச் சேர்க்கவில்லை, அதன் பார்வை இன்னும் நிலைக்கு வந்திருக்காது. அடுத்து, எது 'ஓடியது' என்பதற்கு ஓர் அளவு வேண்டும். பெரிய சேனலின் சாதாரண வீடியோவே சின்ன சேனலின் நல்ல வீடியோவைத் தாண்டும் என்பதால் பார்வை எண்ணை நேரடியாக ஒப்பிட முடியாது. ஒவ்வொரு வீடியோவுக்கும் அதே சேனலில் அதற்கு முன் வந்த ஐந்து, பின் வந்த ஐந்து என்று பத்து வீடியோவை எடுத்து, பார்வைப்படி வரிசையாக அடுக்கி நடுவில் நிற்கும் இரண்டு எண்களின் சராசரியைக் கண்டோம். அதைப்போல் இருமடங்கு பார்வை இருந்தால் 'ஓடியது'. அக்கம்பக்க வீடியோவோடு ஒப்பிடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தை முதல் மாசி வரை அறுவடை, வேகவைப்பு, களம் என்று ஊரே மஞ்சளைத் தேடும். அப்போது எல்லா வீடியோவும் கூடுதலாக ஓடும். ஆடியில் வந்ததோடு அதை வைத்துப் பார்த்தால் பருவத்தின் பலனைத் தலைப்பின் பலன் என்று நினைத்துவிடுவோம்.

பிறகு தலைப்பை எலும்பாக்குவது. 'வேகவைக்கும்போது இதைச் செய்தால் பாதி விலைதான்' என்று ஒரு தலைப்பு இருந்தால், அட்டவணையில் 'வேலைக் கட்டம் + இழப்பு' என்று மட்டும் எழுதுவோம். 'இன்றைய மார்க்கெட் விலை' என்றால் 'விலை + நாள்'. ஊர், எண், கேள்வி, ஆள் என்று மொத்தம் ஏழெட்டுக் குறிகளே போதும்.

120-ல் 14 ஓடியவை. அதில் 9 தலைப்புகளில் விலை இருந்தது. மச்சான் உடனே, "பாத்தீங்களா, விலையைப் போட்டாத்தான் ஓடுதுங்க" என்றார். ஓடாத 106-ஐயும் எண்ணினோம்: 62-ல் விலை இருந்தது. அதாவது ஓடியதில் நூற்றுக்கு 64, ஓடாததில் 58. பெரிய வித்தியாசம் இல்லை; எல்லாரும் விலை போடுகிறார்கள், அவ்வளவுதான். 'வேலைக் கட்டம் + இழப்பு' ஓடியதில் 5, ஓடாததில் 7 மட்டுமே. நூற்றுக்கு 36-க்கு எதிராக 7. ஓடாததை எண்ணாமல் விட்டிருந்தால் தப்பான பாடத்தைக் கற்றிருப்போம். இந்த வேலையில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். ஐந்து என்பதும் சின்ன எண்தான். அதனால் அதை முடிவாக எடுக்காமல், அடுத்த சில வீடியோவில் சோதித்துப் பார்க்கும் யூகமாக வைத்துக்கொண்டோம்.

மூன்றாவது வழி யூடியூப் ஏபிஐ, அதாவது வீடியோ விவரங்களைக் கணினி வழியாக நேரே யூடியூப்பிடம் கேட்டு வாங்குவது. இலவசச் சாவி ஒன்று வாங்கிக்கொண்டு இப்படிக் கேட்கலாம்:

```
GET https://www.googleapis.com/youtube/v3/videos?part=snippet,statistics&id=ID1,ID2&key=KEY
```

ஒரே அழைப்பில் 50 வீடியோவின் தலைப்பு, விவரம், டேக், தேதி, பார்வை எல்லாம் வரும். 120 வீடியோவுக்கு மூன்று அழைப்பு. நாளொன்றுக்குத் தரும் அளவில் இது ஒரு துளிகூட இல்லை. எண்களைக் கையால் பெயர்த்து எழுதும் தப்பு இதில் நேராது. ஆனால் 'பாதி விலைதான்' என்பது விலைச் செய்தி அல்ல, இழப்பைச் சொல்வது என்று அது பிரித்துத் தராது. சொல் எண்ணிக்கை மட்டும் போட்டால் 'மஞ்சள்', 'விலை' என்று தெரிந்ததையே மேலே காட்டும். இன்னொரு குறை கைவழிக்கும் உண்டு: இன்று தெரிவது இன்றைய தலைப்பு. வீடியோ ஓடிய நாளில் வேறு தலைப்பு இருந்திருக்கலாம்.

என் தேர்வு: எண்களை ஏபிஐ கொண்டுவரட்டும், குறியைக் கை போடட்டும். டேக் வழியை விட்டுவிடலாம். கணினி பழக்கமில்லாதவர் 120-க்குப் பதில் 60 தலைப்பைக் கையால் செய்தாலும் போதும்.

எழுதும் நேரம் வந்ததும் அட்டவணையிலிருந்து தலைப்புப் பத்தியை அழித்தோம். எலும்பு மட்டும் மிச்சம். சொல்லை மச்சானின் வீடியோவிலிருந்தே எடுத்தோம். அதில் அவர் வேகும் கொப்பரையைக் காட்டி, நுரை கட்டி வெள்ளை ஆவியோடு மஞ்சள் வாசம் வரும் பதத்தில் நிறுத்த வேண்டும், கூடுதலாக வெந்தால் நிறம் கெடும், குறைவாக வெந்தால் காய்ந்தபின் நொறுங்கும் என்று சொல்கிறார். வைத்த தலைப்பு: 'நுரை கட்டியதும் நிறுத்தாவிட்டால் மஞ்சள் நிறம் போயிடும்: எங்க கொப்பரையில் பார்த்தது'.

எழுத்தெல்லைக்கும் ஒரு கணக்கு உண்டு. யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்து என்பது தமிழுக்குக் கணக்கில் குறைவாகவே நிற்கும். நமக்கு 'மஞ்சள்' நாலு எழுத்து. கணினிக்குப் புள்ளிகளும் தனியாக எண்ணப்பட்டு ஆறு. தலைப்பின் வாலைப் போன் திரை வெட்டிவிடுவதால் கட்டமும் இழப்பும் முன்னால் வந்தன, எங்கள் கொப்பரைச் செய்தி பின்னால் போனது.

கடைசியாக, அழிப்பதற்கு முன் எடுத்து வைத்த பழைய கோப்பில் எங்கள் தலைப்பின் ஒவ்வொரு மூன்று சொல் தொடரையும் தேடினோம். 'மஞ்சள் நிறம் போயிடும்' ஒரு சேனலில் ஏற்கெனவே இருந்தது. மச்சான் கொஞ்ச நேரம் யோசித்து, "அப்பன் காலத்துல 'வெளுத்துப் போச்சு'ன்னுதான் சொல்லுவாங்க" என்றார். 'நுரை கட்டியதும் நிறுத்தாவிட்டால் விரலி மஞ்சள் வெளுத்துப் போகும்' என்று மாற்றிப் போட்டோம்.